தாவும் மின்னழுத்தத்தை அடக்கும் கணக்கு

ஆர்டுயினோ ஊனோ பலகையின் 9-ஆம் பின்னிடம் இரண்டரை வோல்ட் கேட்டால் நேராகத் தராது. அதற்குத் தெரிந்தது 5 வோல்ட், இல்லையென்றால் பூஜ்யம். விநாடிக்குச் சுமார் 490 தடவை மேலே போய்க் கீழே வந்து, சராசரி இரண்டரை என்று கணக்குக் காட்டும். எல்இடி விளக்கு என்றால் கண் ஏமாந்துவிடும். அசையாத இரண்டரை வோல்ட் வேண்டுமானால் இந்தத் தாவலை வடிகட்டியாக வேண்டும்.

பின்னிலிருந்து ஒரு ரெசிஸ்டர். அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு கெபாசிட்டர். இரண்டும் சேரும் இடமே வெளியீடு. அதிர்வெண் கூடக் கூட, கெபாசிட்டர் காட்டும் எதிர்ப்பு குறையும். அதனால் வேகமான அலைகள் அதன் வழியே கிரவுண்டுக்கு ஒழுகிவிடும். மெதுவானவை வெளியீட்டில் தங்கும். ஓர் அதிர்வெண்ணில் கெபாசிட்டரின் எதிர்ப்பும் ரெசிஸ்டரின் மதிப்பும் சமமாகும். அதுதான் வெட்டு அதிர்வெண்:

f = 1 / (2πRC)

அந்த இடத்தில் அலை அறுந்துவிடாது. உள்ளே வந்ததில் 70.7 சதவீதம் வெளியே வரும். எதிர்ப்பு சமம்தானே, பாதி வர வேண்டாமா? இல்லை. ரெசிஸ்டரிலும் கெபாசிட்டரிலும் மின்னழுத்தம் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்று கால் சுற்று பின்தங்கியே வரும்.

ரெசிஸ்டர் 10 கிலோஓம், கெபாசிட்டர் 1 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். கிலோவையும் மைக்ரோவையும் விரித்து எழுதாமல் விட்டால்தான் பெரும்பாலும் விடை தப்பும். 10,000-ஐ 0.000001-ஆல் பெருக்கினால் 0.01 விநாடி. அதை 2π, அதாவது 6.283-ஆல் பெருக்கினால் 0.06283. ஒன்றை இதால் வகுத்தால் 15.9 ஹெர்ட்ஸ்.

தாவலின் 490 ஹெர்ட்ஸ் இதைப்போல் ஏறக்குறைய 31 மடங்கு. வெட்டு அதிர்வெண்ணுக்கு வெகு மேலே உள்ள அலை கிட்டத்தட்ட அதே விகிதத்தில் சுருங்கும். ஆகவே 5 வோல்ட் தாவல், இரண்டரையைச் சுற்றிக் கால் வோல்ட் அளவுக்கு ஏறி இறங்கும் சிற்றலையாகிவிடும்.

கால் வோல்ட்டும் அதிகம் என்றால் 10 மைக்ரோஃபாரட் போடலாம். வெட்டு அதிர்வெண் 1.6 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், சிற்றலையும் பத்தில் ஒன்றாகும். ஆனால் இதற்கு விலை உண்டு. புது மின்னழுத்தம் வந்து நிலைக்க முன்பு 0.05 விநாடி, இப்போது அரை விநாடி.

வெளியீட்டில் எதை இணைக்கிறோம் என்பதையும் சூத்திரம் கேட்பதில்லை. 10 கிலோஓம் சுமையை மாட்டினால் மல்டிமீட்டர் 2.5-க்குப் பதில் 1.25 காட்டும். வெட்டு அதிர்வெண்ணும் 32 ஹெர்ட்ஸாக இரட்டிக்கும். கெபாசிட்டரின் கண்ணுக்கு இரண்டு 10 கிலோஓமும் பக்க இணைப்பாகி 5 கிலோஓமாகத் தெரிவதே காரணம். அப்போது சுமைக்கு முன்னால் ஓர் ஆப்-ஆம்ப் பஃபரை வைப்பார்கள்.