குடையில் மடித்த மழை

பாட்டு வராமல் தவிக்கிறவருக்கும் சொற்கள் வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் ‘இதயம்’ என்று எழுதினால் பின்னாலேயே ‘உதயம்’ வந்து நிற்கும். எல்லாம் ஏற்கெனவே எழுதிச் சலித்தவை.

அமெரிக்காவின் ‘வில்கோ’ இசைக்குழுத் தலைவர் ஜெஃப் ட்வீடி, பாட்டெழுதுவது பற்றி 2020இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இந்தத் தடத்திலிருந்து விலக அதில் ஒரு வழி சொல்கிறார். ஏதாவது ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு அதற்குரிய வினைச்சொற்கள் பத்தை எழுத வேண்டும். பக்கத்திலேயே, கண்ணில் படுகிற பொருள்களின் பெயர்கள் பத்து. பிறகு, வழக்கமாகச் சேராத வினையையும் பெயரையும் கோடு போட்டு இணைத்து, அவற்றை வைத்துச் சில வரிகள் எழுதிப் பார்க்க வேண்டும்.

தமிழில் செய்து பார்க்கலாம். தையற்காரரின் வினைகள்: அளத்தல், வெட்டுதல், மடித்தல், பிரித்தல். அறையில் கிடக்கும் பொருள்கள்: குடை, செருப்பு, ஏணி, பூட்டு. குடையோடு மடித்தலையும், செருப்போடு அளத்தலையும் இணைத்தால் இப்படி வரக்கூடும்:

போன வருச மழைய
குடையில மடிச்சு வெச்சேன்
நீ விட்டுப் போன செருப்பு
வாசல அளக்குது

பிரிவைப் பற்றி எழுத வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. அளக்கிற செருப்புக்கு ஒரு சொந்தக்காரர் தேவைப்பட்டார், அவர் போய்விட்டவராக அமைந்துவிட்டார். ஏணியும் பூட்டும் இங்கே பயன்படவே இல்லை. பட்டியலை முழுவதும் தீர்த்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பாட்டு விடுகதையாகிவிடும்.

பெயர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்ப்பது எளிது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்த்தால் போதும். குடையை எடுத்துப் பையை வைத்தால் மழைக்கு அங்கே வேலையில்லை. ஆகவே குடை இருக்கட்டும். எதைப் போட்டாலும் வரி அப்படியே நின்றால், அந்தப் பெயர் வெறும் அலங்காரம்.

பலர் சறுக்குவது பட்டியல் போடும்போதே. நிலா, பூ, தென்றல் என்று எழுதினால் பழைய தடமே திரும்பி வரும். பாட்டில் அதிகம் இடம் கிடைக்காத தாழ்ப்பாளும் டிபன் கேரியரும்தான் இதற்குத் தோது.

மெட்டுக்கு எழுதுகிறவருக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ‘தான’ என்று நீளும் இடத்தில் ‘குடை’ உட்காராது. அங்கே ‘ஏணி’ உட்காரும். மீந்துபோன பெயர்களை அடித்துவிடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

இந்த முறை சரணத்துக்குக் கைகொடுக்கிற அளவுக்குப் பல்லவிக்குக் கொடுப்பதில்லை. பாட்டு என்ன சொல்ல வருகிறது என்பதைப் பல்லவி நேராகச் சொல்லியாக வேண்டும். நான்கு பொருள்களை அடுக்கினால் அது வந்துவிடாது. முதலில் சரணத்தை எழுதி, யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரிந்த பிறகு பல்லவிக்குத் திரும்புவது நல்லது.