முட்டையோ மருந்தோ ஒத்துக்கொள்ளாதவருக்குத் தடுப்பூசி போடலாமா?

ஊருக்குத் திரும்பி வந்த குடும்பங்களில் பல பிள்ளைகளுக்குத் தடுப்பூசிகள் தவறிப்போயுள்ளன. இடம் மாறியதும் பதிவேடு தொலைந்ததும் இதற்குப் பெரிய காரணங்கள். இவற்றோடு இன்னொரு காரணத்தையும் தாய்மார் சொல்கிறார்கள்: "பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, அதனால் ஊசி போடவில்லை." பெரியவர்கள், "எனக்குப் பெனிசிலின் கூடாது என்று வைத்தியசாலையில் சொன்னார்கள், அதனால் ஊசி எதுவும் போடுவதில்லை" என்கிறார்கள்.

இந்தப் பயம் நியாயமானதுதான். ஒவ்வாமை சிலவேளை உயிரையும் பறிக்கும். ஆனால் ஒவ்வாமை என்பது எல்லாப் பொருளுக்கும் பொதுவாக வருவதல்ல. ஒருவரது உடல் ஒரு குறித்த பொருளை ஏற்க மறுப்பதே ஒவ்வாமை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எனக்கு ஒத்துக்கொள்ளாத அந்தப் பொருள் இந்தத் தடுப்பூசியில் இருக்கிறதா? பெரும்பாலும் பதில், இல்லை என்பதாகவே இருக்கும்.

முட்டையும் சின்னமுத்து ஊசியும்

இலங்கையில் பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் எம்.எம்.ஆர். தடுப்பூசி போடப்படுகிறது. இது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்று நோய்களையும் தடுக்கும். முட்டை பற்றிய பயம் அதிகமாக இந்த ஊசியைச் சுற்றியே இருக்கிறது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. சின்னமுத்து, கூகைக்கட்டுக் கிருமிகளைப் பலவீனப்படுத்தி ஊசிமருந்தாக்கும்போது, அவை கோழிக்குஞ்சின் கருவிலிருந்து எடுத்த உயிர்க்கலங்களில் வளர்க்கப்படுகின்றன. ஆனால் ஒவ்வாமையை உண்டாக்குவது முட்டையின் வெள்ளைக்கருவிலும் மஞ்சள் கருவிலும் உள்ள புரதம். கோழிக்குஞ்சின் கலத்தில் அந்தப் புரதம் அநேகமாக இல்லை. ஊசிமருந்தில் எஞ்சக்கூடிய அளவு ஒவ்வாமையை உண்டாக்கப் போதாது. முட்டை உண்டதும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் உலகின் பல நாடுகளில் இந்த ஊசி பாதுகாப்பாகப் போடப்பட்டு வருகிறது.

"ஊசிக்கு முன் முட்டை கொடுத்துப் பாருங்கள், ஒத்துக்கொண்டால் போடலாம்" என்று அயலவர் சொல்லக்கூடும். அது தேவையில்லை. முட்டையே உண்ணாத பிள்ளைக்கும் இந்த ஊசியைப் போடலாம். ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த பிள்ளைக்கு முட்டை கொடுத்துப் பரிசோதிப்பதுதான் ஆபத்து. யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, ஐந்து நோய்களுக்கான ஊசி, போலியோ சொட்டு மருந்து ஆகியவற்றின் தயாரிப்பில் முட்டை இல்லை.

முட்டையிலேயே வளர்க்கப்படும் தடுப்பூசிகளும் உண்டு. இன்புளுவென்சா ஊசிகளில் பல அப்படித்தான் தயாரிக்கப்படுகின்றன. அதிலுள்ள முட்டைப் புரதம் மிகக் குறைவு என்பதால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அது கொடுக்கப்படுகிறது. உண்மையில் கவனம் தேவைப்படுவது மஞ்சட் காய்ச்சல் ஊசிக்கே. அது ஆபிரிக்காவுக்கோ தென் அமெரிக்காவுக்கோ பயணிப்பவர்களுக்கானது. அப்படிப் போக வேண்டியவருக்கு முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலில் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

பெனிசிலின் ஒவ்வாமை

பெனிசிலின், அமொக்சிசிலின் போன்ற மருந்துகள் எந்தத் தடுப்பூசியிலும் சேர்க்கப்படுவதில்லை. எனவே பெனிசிலின் ஒவ்வாமைக்காக எந்தத் தடுப்பூசியையும் தவிர்க்கத் தேவையில்லை. பனடோலோ வலி மாத்திரையோ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே பதில்தான்.

ஆனால் எம்.எம்.ஆர்., போலியோ போன்ற சில தடுப்பு மருந்துகளில் நியோமைசின் என்ற வேறொரு கிருமிகொல்லி மிகச் சிறிய அளவில் எஞ்சியிருக்கும். நியோமைசின் களிம்பு பூசிய இடத்தில் சில நாட்களின் பின் சொறியும் சிவப்பும் வந்திருந்தால் அது தடையல்ல. அந்த மருந்தால் மூச்சுத்திணறி மயங்கியிருந்தால் மட்டுமே அந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும். இது மிக அரிது.

ஒன்றை மறக்க வேண்டாம். பெனிசிலின் ஒவ்வாமை தடுப்பூசிக்குத் தடையில்லை என்பதால், அதைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. காய்ச்சலுக்கோ காயத்துக்கோ மருந்து எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஏற்பு ஊசி இரண்டு வகை

பற்றைக் காணியைத் துப்புரவாக்கும்போது முட்கம்பியும் தகரமும் வெட்டும். அப்போது ஏற்புவலி வராமல் ஊசி போடச் சொல்வார்கள். "முன்பு ஏற்பு ஊசி போட்டு மயங்கி விழுந்தேன், வேண்டாம்" என்று மறுப்பவர்கள் இருக்கிறார்கள்.

முன்பு போட்டது எந்த ஊசி என்பதுதான் இங்கே முக்கியம். ரி.ரி. எனப்படுவது தடுப்பூசி. ஏ.ரி.எஸ். எனப்படுவது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து. குதிரைப் புரதம் இருப்பதால் ஏ.ரி.எஸ். பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கியது. ரி.ரி. ஊசியில் குதிரைப் புரதம் இல்லை. ஏ.ரி.எஸ். ஒத்துக்கொள்ளாதவர் ரி.ரி. போடலாம். பழைய துண்டு கையில் இருந்தால் அதைக் காட்டுங்கள். இல்லாவிட்டால், நடந்ததை வைத்தியரிடம் சொல்லி முடிவெடுக்க விடுங்கள்.

விசர்நாய்க் கடிக்கும் இது பொருந்தும். ஆட்கள் இல்லாத ஊரில் நாய்கள் பெருகியிருக்கும். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நோய் வந்தபின் உயிர் தப்புவது அநேகமாக இயலாது. ஆகையால் எந்த ஒவ்வாமைக்காகவும் அந்தச் சிகிச்சை கைவிடப்படுவதில்லை. ஒவ்வாமை உள்ளவருக்கு வைத்தியசாலையில் கண்காணிப்புடன் போடுவார்கள்.

முன்பு நடந்தது ஒவ்வாமைதானா?

மருந்தோ உணவோ எடுத்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள், உடலெங்கும் காணாக்கடி போன்ற தடிப்பு, உதடும் கண்ணிமையும் வீங்குதல், மூச்சுத்திணறல், குரல் கம்முதல், விடாத வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் சில சேர்ந்து வந்தால் அது கடும் ஒவ்வாமை.

மருந்து எடுத்து நாலைந்து நாட்களின் பின் உடம்பில் சிவந்த புள்ளிகள் வருவது வேறு. காய்ச்சலுள்ள பிள்ளைகளுக்கு அந்தக் காய்ச்சலாலேயே அப்படி வரும். மருந்தினால் வயிற்றோட்டம் போவது பக்கவிளைவு, ஒவ்வாமை அல்ல. ஊசி போட்ட இடம் சிவந்து வீங்குவதும், அன்றிரவு காய்ச்சல் வருவதும், எம்.எம்.ஆர். போட்டு ஒரு வாரம் பத்து நாளில் சிறிது காய்ச்சலும் புள்ளிகளும் வருவதும் அப்படியே. இவற்றுக்காக அடுத்த ஊசியை நிறுத்துவதில்லை.

ஒரு தாய் கிளினிக்குக்கு வருகிறார்

இரண்டரை வயது மகளுடன் ஒரு தாய் ஊருக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவேடு தொலைந்துவிட்டது. எட்டாம் மாதத்தில் முட்டை ஊட்டியபோது பிள்ளையின் வாயைச் சுற்றிச் சிவந்து தடித்தது. அதனால் ஒன்பதாம் மாத ஊசிக்குப் போகவில்லை. பின்னர் அமொக்சிசிலின் பாணி கொடுத்த ஐந்தாம் நாள் புள்ளிகள் வந்தன. அதன்பின் எந்த ஊசிக்கும் தாய் துணியவில்லை.

குடும்ப நல உத்தியோகத்தர் நான்கு விடயங்களைக் கேட்கிறார். எதை எடுத்தபின் வந்தது? எவ்வளவு நேரத்தில் வந்தது? உடலில் என்ன தெரிந்தது? எப்படிச் சுகமானது? முட்டையால் வந்த தடிப்பு ஒரு மணித்தியாலத்தில் தானாகவே மறைந்தது; மூச்சுத்திணறல் இருக்கவில்லை. பாணி குடித்து வந்த புள்ளிகள் ஐந்தாம் நாளில் வந்தவை. தாய் சொன்னதைக் கேட்ட கிளினிக் வைத்தியர், இரண்டும் தடுப்பூசிக்குத் தடையல்ல என்று சொல்கிறார்.

அன்றே பிள்ளைக்கு எம்.எம்.ஆர். ஊசியும், தவறிய 18ஆம் மாத முக்கூட்டு ஊசியும் வெவ்வேறு இடங்களில் போடப்படுகின்றன. யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசிக்கு நான்கு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். முன்பு போட்ட ஊசிகளை முதலிலிருந்து திரும்பப் போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாயும் மகளும் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே இருக்கிறார்கள். புதிய பதிவேட்டில் நடந்தது எழுதப்படுகிறது. "ஒவ்வாமை" என்று வெறுமனே எழுதாமல், எதனால் எப்போது என்ன வந்தது என்று எழுதுகிறார்கள். அடுத்த ஊரில் வேறொருவர் அதைப் பார்க்கும்போது ஊசியை நிறுத்திவிடாமல் இருக்க இதுவே உதவும்.

அந்தப் பிள்ளை முட்டை உண்டு மூச்சுத்திணறி வைத்தியசாலையில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அப்போதும் எம்.எம்.ஆர். வேண்டாம் என்பதல்ல பதில். கிளினிக்கில் போடாமல், வைத்தியசாலையில் கண்காணிப்புடன் போட அனுப்பியிருப்பார்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்?

ஒரு தடுப்பூசி போட்டவுடன் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் அதே தடுப்பூசியை மீண்டும் போடக் கூடாது. அந்த ஊசியில் உள்ள ஒரு பொருளுக்குக் கடும் ஒவ்வாமை இருப்பது உறுதியானாலும் அப்படியே. அப்போதும் மற்றத் தடுப்பூசிகள் எல்லாவற்றையும் கைவிட வேண்டாம். எதைப் போடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று சுகாதார வைத்திய அதிகாரியோ வைத்தியசாலை வைத்தியரோ தீர்மானிப்பார். கர்ப்பிணிகளுக்கும், நோயெதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் எம்.எம்.ஆர். போடுவதில்லை; அதற்குக் காரணம் ஒவ்வாமை அல்ல.

ஊசி போட்டபின்

கடும் ஒவ்வாமை பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதனால்தான் உடனே வீட்டுக்குப் போக வேண்டாம் என்கிறார்கள். கிளினிக்கில் இதற்கென அட்ரினலின் மருந்து வைத்திருப்பார்கள். நேரத்துக்குத் தொடையில் போட்டால் அது உயிரைக் காக்கும். வீட்டுக்குப் போனபின் மூச்சுத்திணறலோ, முகவீக்கமோ, மயக்கமோ வந்தால் ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்கார விடுங்கள். இலவச அம்பியூலன்ஸ் சேவையான 1990 இலக்கத்தை உடனே அழையுங்கள்.

இலங்கையில் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு 2019இல் அறிவித்தது. 2023இல் அது மீண்டும் பரவியது. முட்டைக்குப் பயந்து ஊசி போடாத பிள்ளைக்கு அந்த நோயிடமிருந்து பாதுகாப்பில்லை. பயம் இருந்தால் ஊசியை விட்டுவிடாமல், அந்தப் பயத்தை அப்படியே கிளினிக்கில் சொல்லுங்கள். மேலே உள்ள நான்கு கேள்விகளுக்கும் பதிலை வீட்டிலேயே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.