மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான வினாடிகளைக் கொண்டு தூரத்தை மதிப்பிடுதல்

மின்னல் கண்ணில் பட்ட கணம் முதல் அதன் இடியோசை காதில் விழும் வரை செல்லும் வினாடிகளை எண்ணி, அந்த மின்னல் எவ்வளவு தொலைவில் ஏற்பட்டது என்று மதிப்பிட முடியும். எண்ணிய வினாடிகளை மூன்றால் வகுத்தால் தூரம் ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். 12 வினாடி என்றால் 4 கிலோமீட்டர்; 6 வினாடி என்றால் 2 கிலோமீட்டர்.

கருவி எதுவும் வேண்டாத இம்முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. ஆனால் "ஒரு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர்" என்ற தவறான கணக்கும் இதனுடன் சேர்ந்து பரவியிருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி 9 வினாடி எண்ணியவர் இடி 9 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எண்ணி வயலிலேயே நிற்பார். உண்மையில் அது 3 கிலோமீட்டரில் இருக்கிறது.

ஏன் மூன்றால் வகுக்கிறோம்?

ஆற்றின் மறுகரையில் ஒருவர் துணியைக் கல்லில் அடித்துத் துவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துணி கல்லில் படுவது முதலில் தெரியும். "பட்" என்ற ஓசை சற்றுப் பின்னால் வரும். ஒளியும் ஒலியும் ஒரே நேரத்தில் புறப்பட்டாலும் ஒலி பிந்தி வருகிறது. மின்னலில் நடப்பதும் இதுவே.

ஒளி வினாடிக்குச் சுமார் 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 3 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒரு வினாடியின் ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே மின்னல் தெரிந்த நேரத்தையே அது ஏற்பட்ட நேரமாகக் கொள்ளலாம். காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரி செல்சியசில் வினாடிக்குச் சுமார் 331 மீட்டர். வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது அது ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். நம் ஊர்களில் வழக்கமான 30 டிகிரியில் வேகம் 349 மீட்டர் ஆகிறது. மூன்று வினாடியில் 1047 மீட்டர், அதாவது ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும்.

மழைக்கு முன் வீசும் குளிர்காற்று வெப்பநிலையைப் பத்து டிகிரி குறைத்தாலும் ஒலியின் வேகம் 2 விழுக்காடுகூட மாறாது. எதிர்க்காற்றும் பின்காற்றும் தரும் மாற்றமும் சிறியதே. ஒலியின் வேகத்தை அளக்க முனைந்த பழைய ஆய்வாளர்களுக்குத்தான் காற்று தொல்லை கொடுத்தது. 1822ஆம் ஆண்டு பாரிசுக்கு அருகே, ஏறத்தாழ 18.6 கிலோமீட்டர் இடைவெளியுள்ள வில்ழூயிஃப், மோன்லேரி என்ற இரு இடங்களில் இரவில் பீரங்கிகளை மாறி மாறி வெடித்து, ஒளி தெரிந்த பின் ஓசை வர ஆகும் நேரத்தை அளந்தார்கள். இரு திசையிலும் வெடித்ததற்குக் காரணம் காற்றின் விளைவை ஒன்றோடொன்று கழித்துவிடுவதே. நாம் மின்னலில் செய்வது அதே சோதனையைத் தலைகீழாக: அவர்கள் தெரிந்த தூரத்திலிருந்து வேகத்தைக் கண்டார்கள்; நாம் தெரிந்த வேகத்திலிருந்து தூரத்தைக் காண்கிறோம்.

எண்ணும் முறை

மின்னியவுடன் எண்ணத் தொடங்கி, இடியின் முதல் ஓசை கேட்டவுடன் நிறுத்த வேண்டும். உரக்க இடிக்கும் தருணம் வரை காத்திருக்கக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது. கைபேசியின் நிறுத்துக் கடிகாரத்தைப் பயன்படுத்தினால் விரல் தாமதத்தால் வரும் பிழை கால் வினாடி அளவுதான், அதாவது நூறு மீட்டருக்கும் குறைவு.

வாயால் எண்ணும்போது வரும் பிழை இதைவிடப் பெரிது. பதற்றத்தில் எல்லோரும் வேகமாக எண்ணுவார்கள். 9 வினாடிக்குள் பன்னிரண்டு வரை எண்ணிவிட்டால் 3 கிலோமீட்டர் 4 கிலோமீட்டராகிவிடும். ஆபத்தைத் தொலைவில் காட்டும் பிழை என்பதால் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. "ஒன்று, இரண்டு" என்பதற்குப் பதில் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொன்னால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வினாடி எடுக்கும். கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்து ஒருமுறை பழகிக்கொள்வது நல்லது.

மின்னல் அடிக்கடி வெட்டும் புயலில் வேறொரு சிக்கல் எழும். பத்து வினாடிக்கு ஒன்று மின்னும்போது, கேட்கும் இடி எந்த மின்னலுக்குரியது என்று சொல்ல முடியாது. பழைய மின்னலின் இடியைப் புதிய மின்னலோடு சேர்த்துவிட்டால் தூரம் மிகக் குறைவாக வரும். மாற்றிச் சேர்த்தால் மிக அதிகமாக வரும். அப்படிப்பட்ட நேரத்தில் மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரிந்த ஒரு மின்னலைத் தேர்ந்தெடுத்து, அது தோன்றிய திசையிலிருந்தே இடி வருகிறதா என்று பார்க்கலாம். அதுவும் குழப்பமாக இருந்தால் எண்ணுவதைக் கைவிடுவதே சரி. அவ்வளவு மின்னல் இருக்கும் இடத்தில் வெளியே நின்று எண்ண வேண்டிய தேவையும் இல்லை.

இடி ஏன் உருளுகிறது?

மின்னல் பாயும் பாதையிலுள்ள காற்று ஒரு வினாடியின் சில இலட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் 30,000 டிகிரி வரை சூடாகிறது. இது சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. அந்தக் காற்று வெடித்து விரிவதே இடி. இந்த வெடிப்பு ஒரு புள்ளியில் நடப்பதில்லை. பல கிலோமீட்டர் நீளமுள்ள, வளைந்து கிளைவிட்ட பாதை முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கிறது. பாதையின் அருகிலுள்ள பகுதியிலிருந்து வரும் ஓசை முதலில் வந்து சேரும். தொலைவிலுள்ள பகுதியின் ஓசை பின்னால் வரும். அதனால்தான் ஒரு கணத்து மின்னலின் இடி பத்து, பதினைந்து வினாடிகள் உருண்டுகொண்டே இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, மின்னி 9ஆவது வினாடியில் இடி தொடங்கி 24ஆவது வினாடி வரை நீடித்தது என்று வைத்துக்கொள்வோம். மின்னல் பாதையில் நமக்கு மிக அருகிலுள்ள இடம் 3 கிலோமீட்டரில் இருக்கிறது. ஓசை கேட்ட மிகத் தொலைவான இடம் 8 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆக, அந்தப் பாதை குறைந்தது 5 கிலோமீட்டர் நீளமாவது இருக்க வேண்டும். ஒரு மின்னலின் நீளத்தை வீட்டுத் திண்ணையிலிருந்தே அளந்துவிட்டோம்! முதல் ஓசையோடு எண்ணுவதை நிறுத்தச் சொன்னதன் காரணமும் இதுதான்: மிக அருகிலுள்ள இடத்தின் தூரத்தை அதுவே தருகிறது.

தலைக்கு மேல் 15 வினாடி

இம்முறை தருவது தரையில் அளக்கும் தூரமல்ல. நம் காதிலிருந்து மின்னல் பாதையின் அருகிலுள்ள புள்ளி வரையுள்ள நேர்த்தூரம். பெரும்பாலான மின்னல்கள் தரைக்கு வருவதே இல்லை, மேகத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. தலைக்கு நேர் மேலே 5 கிலோமீட்டர் உயரத்தில் மேகத்துக்குள் மின்னினால் இடி 15 வினாடி கழித்தே கேட்கும். எண்ணியவர் "மழை 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது" என்று நினைப்பார். மேகமோ அவர் தலைக்கு மேலேயே நிற்கும். அடுத்த மின்னல் தரைக்கு இறங்கினால் பக்கத்திலேயே விழலாம். எனவே வானம் முழுதும் ஒளிர்ந்து, எந்தத் திசை என்று தெரியாத மின்னலுக்குக் கிடைக்கும் பெரிய எண்ணை நம்பக் கூடாது.

ஒரு மாலையின் கணக்கு

கோடை விடுமுறையில் மைதானத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். மேற்கே கருத்து வருகிறது. மாலை 4:10 மணியளவில் மூன்று மின்னல்களுக்கு எண்ணியதில் 31, 27, 34 வினாடிகள் கிடைக்கின்றன. 4:20 மணிக்கு 22, 17, 25. 4:30 மணிக்கு 14, 8, 15.

ஒரே நேரத்தில் எடுத்த எண்களே இவ்வளவு வேறுபடுவது பிழையால் அல்ல. ஒரு மேகத்தின் அடுத்தடுத்த மின்னல்கள் பல கிலோமீட்டர் தள்ளித் தள்ளி ஏற்படும். ஆகவே சராசரி எடுக்காமல் ஒவ்வொரு தொகுதியிலும் சிறிய எண்ணை எடுத்துக்கொள்வோம்: 27, 17, 8. வினாடிக்கு 349 மீட்டர் என்று பெருக்கினால் 9.4, 5.9, 2.8 கிலோமீட்டர். பத்து நிமிடத்துக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் புயல் நெருங்குகிறது. 4:30க்குப் பிறகு எட்டு ஒன்பது நிமிடத்தில் மைதானத்துக்கு மேல் வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் பார்த்து "இன்னும் இரண்டு ஓவர் போடலாம்" என்று முடிவெடுத்தால் அதுதான் தவறு. நாம் அளந்தது முடிந்துபோன மின்னலை. அடுத்தது எங்கே விழும் என்பதை எந்த எண்ணும் சொல்லவில்லை. மேகத்தின் மேற்பகுதியிலிருந்து பக்கவாட்டில் கிளம்பி, பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் வெயில் அடிக்கும் இடத்தில் இறங்கும் மின்னல்களும் உண்டு. அதனால்தான் 30 வினாடியை, அதாவது 10 கிலோமீட்டரை, எல்லையாக வைத்திருக்கிறார்கள். 30 வினாடிக்குள் இடி கேட்டால் உறுதியான கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள மூடிய வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும். 27 வினாடி வந்த 4:10 மணிக்கே அந்த ஆட்டம் நின்றிருக்க வேண்டும். மைதான ஓரத்து மரநிழலோ, பக்கம் திறந்த தகரக் கொட்டகையோ கட்டடமாகக் கணக்கில் வராது.

எண்ணிப் பார்க்காமல், இடி கேட்டாலே உள்ளே போய்விடுவது இன்னும் எளிய வழி. இப்போது பல நாடுகளில் பொதுமக்களுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள்.

கேட்காத இடி

இரவில் அடிவானத்தில் மின்னல் தெரியும். எவ்வளவு காத்திருந்தாலும் இடி கேட்காது. இதை வெப்பத்தால் வரும் தனிவகை மின்னல் என்று சிலர் நினைப்பதுண்டு. அது சாதாரண மின்னல்தான், தொலைவில் இருக்கிறது. தரையருகே காற்று சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருப்பதால், சூடான காற்றில் வேகமாகச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. பொதுவாக 15 கிலோமீட்டருக்கு அப்பால் இடி கேட்பது அரிது. ஆகவே 45, 50 வினாடிக்கு மேல் எண்ணிய பிறகு ஓர் இடி கேட்டால், அது பெரும்பாலும் நாம் பார்த்த மின்னலுக்குரியதாக இருக்காது. பேருந்துக்குள்ளோ, ஓடும் பம்புசெட்டின் பக்கத்திலோ இருப்பவருக்கு அருகிலுள்ள இடிகூடத் தவறிப் போகலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மின்னலைக் கண்டறியும் நிலையங்கள் ஒலியை நம்புவதில்லை. மின்னல் உண்டாக்கும் வானொலி அலை பல நிலையங்களுக்கு வந்து சேரும் நேர வேறுபாட்டிலிருந்து அவை இடத்தைக் கணக்கிடுகின்றன. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' கைபேசிச் செயலி காட்டும் மின்னல்கள் இவ்வாறு கண்டறியப்பட்டவையே. அங்கும் நடப்பது நேரத்தை எண்ணித் தூரம் காண்பதுதான். வானொலி அலை ஒளியின் வேகத்தில் செல்வதால், அந்த நிலையங்கள் எண்ண வேண்டியது வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை. அவ்வளவு நேரத்துக்குள் அலை 300 மீட்டர் போய்விடும்.