‘டெய்லி ஒன்பதாயிரம் ஓடுது’: டீக்கடைக்கு என்ன விலை கொடுக்கலாம்?

“டெய்லி ஒன்பதாயிரம் ஓடுது தம்பி. செலவெல்லாம் போக மாசம் அம்பதாயிரம் கையில நிக்கும். ஆறு லட்சம் குடுங்க, பாத்திரம் பண்டத்தோட அப்படியே எடுத்துக்குங்க.”

டீக்கடை விற்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் விலை வந்துவிடுகிறது. ஒரே வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று தோன்றும். ஆனால் அந்த ஐம்பதாயிரத்துக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. விற்பனை உண்மையிலேயே அவ்வளவுதானா? இந்த வாடகை நாளைக்கும் இதேதானா? கல்லாவில் நிற்கும் பணத்தில் கடையின் லாபம் எவ்வளவு, கடைக்காரரின் உழைப்புக்கான கூலி எவ்வளவு?

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு சிறிய கடையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். டீ 15 ரூபாய். வடை, பஜ்ஜி வெளியிலிருந்து வருகின்றன. சிகரெட்டும் தண்ணீர் பாட்டிலும் உண்டு. முதலாளியே டீ மாஸ்டர். சாயங்காலம் அவர் மனைவி கல்லாவில் உட்காருகிறார். கிளாஸ் கழுவ ஒரு பையன் இருக்கிறான்.

விற்பனையைச் சோதிக்கக் கல்லாவைவிட நல்ல சாட்சி பால். ஒரு லிட்டர் பாலில் எத்தனை டீ வரும் என்பது கடைக்குக் கடை மாறும். கிளாஸின் அளவையும், பாலில் சேரும் தண்ணீரையும் பொறுத்தது அது. ஒரு நாள் காலையில் பக்கத்தில் நின்று எண்ணினால் அந்தக் கடையின் கணக்கு தெரிந்துவிடும். நம் உதாரணத்தில் லிட்டருக்கு 13 டீ. விற்பவர் சொல்லும் ஒன்பதாயிரத்தில் பலகாரமும் சிகரெட்டும் சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம் என்றால், மீதி ஏறக்குறைய 6,900 ரூபாய்க்கு டீ விற்றிருக்க வேண்டும். அதாவது சுமார் 460 டீ. அதற்குத் தினம் 35 லிட்டர் பால் வேண்டும். பால் ஏஜென்டின் நோட்டில் இருப்பதோ 25 லிட்டர்.

25 லிட்டருக்கு 325 டீ, 4,875 ரூபாய். பலகாரம் 1,300, சிகரெட்டும் தண்ணீர் பாட்டிலும் 825. மொத்தம் 7,000. விற்பவர் பொய் சொன்னார் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. சம்பளம் போட்ட வாரத்தின் நல்ல நாள் ஒன்று மனதில் நின்று, அதையே அவர் எல்லா நாளுக்கும் சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தொழிற்பேட்டை காலியாக இருக்கும். எட்டு லிட்டர் பாலோடு விற்பனை 2,300 ரூபாயில் நின்றுவிடும். 26 வேலை நாளும் 4 ஞாயிறும் சேர்த்தால் மாதம் 1,91,200 ரூபாய். தினம் ஒன்பதாயிரம் என்றால் 2,70,000 வந்திருக்க வேண்டும்.

வாங்குபவர் வந்து பார்க்கும் நாளில் கூட்டம் சேர்ப்பது கடினமில்லை. தெரிந்தவர்களை வந்து டீ குடிக்கச் சொன்னாலே போதும். ஆறு மாதத்துப் பால் நோட்டை அப்படித் தயார் செய்ய முடியாது. யூபிஐ கணக்கையும் கேட்டு வாங்கலாம். ஆனால் உறவினர் அனுப்பிய பணமும் கைமாற்றும் அதில் கலந்திருக்கும் என்பதால், பத்து, பதினைந்து, முப்பது ரூபாயாக வந்த சில்லறை வரவுகளை மட்டும் தனியாகக் கூட்ட வேண்டும். கடன் நோட்டையும் புரட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்துப் பட்டறை ஒன்று தினம் பிளாஸ்கில் டீ வாங்கி மாதக் கடைசியில் பணம் தருகிறது என்றால், அந்தப் பட்டறை இடம் மாறினால் எத்தனை டீ குறையும் என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

மொத்த விற்பனை மட்டும் தெரிந்தால் போதாது, எதில் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். டீயில் மிஞ்சுவது அதிகம். வெளியிலிருந்து வாங்கி விற்கும் வடையில் நான்கில் ஒரு பங்கு மிஞ்சலாம். சிகரெட்டில் பத்தில் ஒரு பங்கு நின்றாலே பெரிது. சிகரெட்டால் ஏழாயிரம் காட்டும் கடையும் டீயால் ஏழாயிரம் காட்டும் கடையும் ஒரே விலைக்குரியவை அல்ல.

இனி செலவு. பாலுக்கு மாதம் 41,000. டீத்தூள், சர்க்கரை, காபித்தூளுக்கு 16,000. கேஸ் சிலிண்டர் 13,000. பலகாரக் கொள்முதல் 26,500. சிகரெட், தண்ணீர் பாட்டில் கொள்முதல் 20,500. வாடகை 14,000. கரண்ட் 2,500. பையனுக்குச் சம்பளம் 12,000. பேப்பர் கப், உடைந்த கிளாஸ், குப்பை, இதர சில்லறைச் செலவு 4,000. எல்லாம் சேர்த்து 1,49,500 ரூபாய். விற்பனையில் இதைக் கழித்தால் நிற்பது 41,700.

விற்பவர் சொன்ன ஐம்பதாயிரத்துக்கு இது ரொம்பத் தூரமில்லை. பலர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். முக்கியமான கழித்தல் இதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலாளி விடியற்காலை நாலரைக்குப் பாய்லர் பற்ற வைக்கிறார். ராத்திரி ஒன்பதுக்குக் கடையை இறக்குகிறார். அவர் இடத்தில் ஒரு டீ மாஸ்டரை வைத்தால் நாள் கூலி 800 என்ற கணக்கில் மாதம் 24,000 ஆகும். சாயங்காலம் கல்லாவில் உட்காரும் மனைவிக்குப் பதில் ஆள் வைத்தால் 6,000. இந்த 30,000 ரூபாயைக் கடை இன்று யாருக்கும் கொடுப்பதில்லை, அதனால் செலவுக் கணக்கில் அது வரவே இல்லை. கடையை வாங்குபவர் ஒன்று இந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும், அல்லது அந்த வேலையைத் தானே செய்ய வேண்டும். தானே செய்தாலும் அது அவர் வேலைக்கான கூலிதான். வேறு கடையில் மாஸ்டராக நின்றாலும் அதே பணம் அவருக்குக் கிடைக்கும். அதற்காக அவர் முன்கூட்டி லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

41,700-இல் 30,000 போனால் 11,700. கடையின் உண்மையான லாபம் அதுதான். வருஷத்துக்கு 1,40,400 ரூபாய். வாங்குபவர் விலை கொடுப்பது இந்தத் தொகைக்கு மட்டுமே.

இதை எத்தனை வருஷத்தால் பெருக்கலாம்? சிறு டீக்கடைக்கு ஒன்றிலிருந்து இரண்டு வருஷம் என்பது நிதானமான அளவு. அதற்கு மேல் போகாமலிருக்கக் காரணம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்குத்தான் இருக்கிறது. எதிரில் நாளைக்கே இன்னொரு கடை வரலாம். வாடிக்கைக்காரர்களில் ஒரு பகுதி பழைய மாஸ்டரின் கைப்பக்குவத்துக்காக வருபவர்கள், கை மாறினால் அவர்களும் மாறலாம். ஒன்றரை வருஷம் என்று எடுத்தால் விலை 2,10,600 ரூபாய் வருகிறது. கேட்ட விலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

அப்போது பாய்லர், ஃபிரிட்ஜ், அடுப்பு, மேசை, பெஞ்சுக்கெல்லாம் தனிவிலை இல்லையா என்று விற்பவர் கேட்பார். இல்லை. அந்தச் சாமான் இருப்பதால்தான் அந்த லாபமே வருகிறது. லாபத்துக்கு ஒரு விலை, சாமானுக்கு ஒரு விலை என்றால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாகும். சாமானின் மதிப்பு வேறொரு இடத்தில் உதவும். கடை லாபமே காட்டாவிட்டாலும் அந்த மதிப்புக்குக் கீழே விலை இறங்காது. பழைய ஓட்டல் சாமான் வாங்குபவரைக் கூப்பிட்டுக் காட்டினால் அவர் சொல்லும் தொகைதான் அந்த அடிமட்டம். புதிதாக வாங்கிய ரசீது இதற்கு ஆதாரமாகாது. நம் கடையில் அது 60,000 என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணும்போது எது யாருடையது என்றும் கேட்க வேண்டும். ஐஸ்கிரீம் பெட்டியும் கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜும் பல கடைகளில் கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போனவை. கேஸ் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்வான்ஸ் பணமும் இந்த விலையில் சேராது. அது கட்டிட உரிமையாளரிடம் இருப்பது, காலி செய்யும்போது திரும்பி வர வேண்டியது. விற்பவரிடம் அதைக் கொடுத்துக் கணக்கு மாற்றிக்கொள்வதென்றால், எவ்வளவு தன்னிடம் இருக்கிறது, வாடகை பாக்கி ஏதாவது உண்டா என்று உரிமையாளர் எழுதித் தர வேண்டும்.

உரிமையாளரைப் பார்க்காமல் எந்த டீக்கடைக்கும் விலை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் இடத்தை இன்னொருவருக்கு மாற்றிவிட முடியாது. கடை கை மாறும் நேரம் வாடகை ஏறும் நேரமும்கூட. 14,000 வாடகை 18,000 ஆனால் மாத லாபம் 7,700 ஆகும். அதே ஒன்றரை வருஷக் கணக்கில் விலை 1,38,600-க்கு இறங்கிவிடும். நாலாயிரம் வாடகை உயர்வு விலையில் 72,000 ரூபாயைக் குறைக்கிறது.

இன்னொரு செலவு இன்றைய கணக்கில் இல்லாமலே ஒளிந்திருக்கிறது. மாதம் 1,91,200 என்றால் வருஷ விற்பனை 22.9 லட்சம். உணவகச் சேவைக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு அவசியம். 2025 ஜூலையில் கர்நாடகத்தின் வணிகவரித் துறை யூபிஐ வரவுகளைப் பார்த்து ஆயிரக்கணக்கான சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவர்களில் பேக்கரி, டீக்கடை நடத்துபவர்களும் இருந்தார்கள். நம் கடை பதிவு செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தால், புதியவர் ஒழுங்காகப் பதிவு செய்து, டீ விலையை ஏற்ற முடியாமல், அதே 15 ரூபாய்க்குள்ளிருந்து ஐந்து சதவீத வரியைக் கட்டுகிறார் என்று பாருங்கள். டீ, பலகார விற்பனையில் மாதம் எட்டாயிரம் ரூபாய் போய்விடும். லாபமாக மிஞ்சுவது 3,700 மட்டுமே. ஒன்றரை வருஷத்துக்கு அது 66,600, ஏறக்குறைய பழைய சாமானின் விலை. ஆகவே டீயை 16 ரூபாய்க்கு விற்றால் அந்தத் தெரு ஏற்குமா என்பதும் விலைப் பேச்சில் வர வேண்டிய கேள்வி.

இத்தனையும் பார்த்த பிறகு வாங்குபவரின் கையில் ஒரு எண் இருக்காது, ஒரு எல்லை இருக்கும். வாடகையும் டீ விலையும் அவருக்குச் சாதகமாக அமைந்தால் இரண்டு லட்சத்துச் சொச்சம், இல்லையென்றால் சாமான் விலையான அறுபதாயிரத்தை ஒட்டி. இவற்றுக்கு நடுவில் எங்கே முடிகிறது என்பதை உரிமையாளர் போடும் புதிய ஒப்பந்தமும் பால் நோட்டும் தீர்மானிக்கும்.

பணத்தை ஒரே நாளில் எண்ணிக் கொடுக்காமல் இருப்பது நல்லது. டோக்கனாக ஒரு சிறு தொகை கொடுத்துவிட்டு, உரிமையாளருடன் புதிய ஒப்பந்தம் கையெழுத்தான அன்று பெரும்பகுதியைத் தரலாம். மீதியைப் பழைய மாஸ்டர் இரண்டு வாரம் கூட நின்று வாடிக்கைக்காரர்களை அறிமுகப்படுத்தி, டீத்தூள் கலவையைக் காட்டிக்கொடுத்த பிறகு கொடுக்கலாம். அதே தெருவில் விற்றவர் மறுபடி கடை போடக் கூடாது என்ற நிபந்தனையையும் எழுதிக்கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. ஆனால் தொழிலின் நற்பெயரையும் சேர்த்து விற்றவருக்கு மட்டும், நியாயமான இட எல்லைக்குள் அத்தகைய தடையை அதே பிரிவு விதிவிலக்காக அனுமதிக்கிறது. எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை, எத்தனை வருஷத்துக்கு என்பதை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.