முகூர்த்தக் காலையில் அப்டேட் வேண்டாம்

பல ட்ரோன்களில் பேட்டரிக்கும் தனி ஃபர்ம்வேர் உண்டு. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முதல் நாள் இரவு ஒரு பேட்டரியைப் போட்டு ட்ரோனை அப்டேட் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். மறுநாள் மண்டபத்தில் இரண்டாவது பேட்டரியை மாட்டியதும், ஃபர்ம்வேர் பொருந்தவில்லை என்று திரையில் செய்தி வரும். ட்ரோன் கிளம்பாமலும் போகலாம். ஆகவே இருக்கும் பேட்டரிகளை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டி அப்டேட் செய்யுங்கள்.

கேமராவுக்கு முழு சார்ஜ் வேண்டும். நடுவில் அணைந்தால் அது மறுபடி உயிர் பெறாமலே போகக்கூடும். மெமரி கார்டில் உள்ள படங்களைக் கணினிக்கு மாற்றிவிட்டு, அதே கேமராவில் கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அப்டேட் ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாதீர்கள். போட்டால் பெரும்பாலான கேமராக்கள் அதைக் கண்டுகொள்ளாது. ஃபார்மட் செய்யும்போதே கார்டு பிழை காட்டினால், வேறு கார்டு கிடைக்கும்வரை அப்டேட்டைத் தொடங்காதீர்கள்.