தானியங்கி வெளியிடும் தினசரி ஸ்டாண்ட்-அப் சுருக்கம்

தினசரி ஸ்டாண்ட்-அப் சுருக்கம் என்பது, மென்பொருள் குழு ஒன்றின் உறுப்பினர்கள் அன்றன்று தரும் வேலைக் குறிப்புகளைத் தொகுத்து, தானியங்கி நிரல் (பாட்) ஒன்று குழுவின் அரட்டைத் தடத்தில் இடும் செய்தியாகும். ஸ்லாக் போன்ற அலுவலக அரட்டைச் செயலிகளைப் பயன்படுத்தும் குழுக்களிடையே, குறிப்பாக உறுப்பினர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்து வேலை செய்யும்போது, இம்முறை வழக்கில் உள்ளது.

பின்னணி

ஸ்க்ரம் என்னும் வேலைமுறையில் நாள்தோறும் 15 நிமிடத்துக்கு மேற்படாத கூட்டம் ஒன்று உண்டு. நின்றுகொண்டே பேசினால் பேச்சு நீளாது என்பதால், இத்தகைய கூட்டத்துக்கு ஸ்டாண்ட்-அப் என்ற பெயர் வழங்குகிறது. நேற்று என்ன முடித்தீர்கள், இன்று என்ன செய்யப் போகிறீர்கள், உங்களுக்குத் தடையாக இருப்பது எது என்ற மூன்று கேள்விகள் அதில் வழக்கமாயின. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் எழுதிய ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பில் இக்கேள்விகள் நீக்கப்பட்டன. ஆயினும் தானியங்கிகள் பெரும்பாலும் இம்மூன்றையே இன்றும் கேட்கின்றன.

செயல்படும் முறை

இதில் மூன்று படிகள் உள்ளன. முதலில் தானியங்கி ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனிச்செய்தியாகக் கேள்விகளை அனுப்புகிறது. பின்னர் வரும் பதில்களைச் சேமிக்கிறது. குறித்த நேரம் வந்ததும் அவற்றைத் தொகுத்துப் பொதுத் தடத்தில் இடுகிறது. நேரத்தைக் கவனிக்கும் வேலையைக் கணினியின் கால அட்டவணை நிரல் செய்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை 8:30 மணிக்குச் சுருக்கம் வர வேண்டுமாயின், க்ரான் அட்டவணையில் நேரப் பகுதி இவ்வாறு அமையும்:

```
30 8 * * 1-5
```

இந்த 8:30 எந்த ஊர் நேரம் என்பது இவ்வரியில் இல்லை. வழங்கிக் கணினிகள் பலவும் உலகப் பொது நேரத்தில் (யுடிசி) இயங்குபவை. அப்படியாயின் சென்னையில் அப்போது பிற்பகல் 2:00 மணி.

ஓர் எடுத்துக்காட்டு

சென்னையிலும் பெர்லினிலும் ஆட்கள் உள்ள ஒரு குழுவை எண்ணிக்கொள்வோம். தானியங்கி அவரவர் ஊரில் காலை 9:00 மணிக்குக் கேள்வி அனுப்புகிறது. சுருக்கமோ மேற்கண்ட வரியின்படி பொது நேரம் 8:30க்கு வெளியாகிறது. கோடையில் பெர்லினில் அது 10:30 மணி; பதில் எழுத ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஜெர்மனியில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் வைக்கப்படும். மறுநாள் முதல் சுருக்கம் அங்கு 9:30க்கே வந்துவிடும். பதில் எழுத அரை மணி நேரமே மிஞ்சும். 9:40க்கு எழுதியவரின் பதில் அன்றைய சுருக்கத்தில் இடம்பெறாது.

இப்போது பெர்லினில் உள்ள சோதனையாளர் ஒருவர், "சோதனை வழங்கிக்கு அனுமதி கிடைக்கவில்லை" என்று 9:40க்கு எழுதுகிறார் என்று கொள்வோம். அனுமதி தர வேண்டியவர் சென்னையில் இருக்கிறார். அவர் படிக்கும் சுருக்கத்தில் அந்த வரி இல்லை. ஆகவே ஒரு நாள் வேலை நின்றுபோகிறது. யார்மீதும் தவறு இருப்பதாகத் தோன்றுவதும் இல்லை.

இப்பிழையைக் கண்டறிவது எளிது. பதில் தராதவர்கள் எல்லாரும் ஒரே ஊராராக இருப்பார்கள். விடுபடுதல் கடிகாரம் மாறிய வாரத்தில் தொடங்கியிருக்கும். அட்டவணையின் நேர வலயத்தை `Europe/Berlin` என்றும் நேரத்தை 10:30 என்றும் குறிப்பிட்டுவிட்டால், சுருக்கமும் பெர்லின் கடிகாரத்தோடு சேர்ந்தே நகரும். அப்போது மாறுவது சென்னையில் அது வந்துசேரும் நேரம் மட்டுமே.

விடுபடும் பெயர்களும் தடைகளும்

பதில் தராதவரின் பெயரையே சில தானியங்கிகள் விட்டுவிடுகின்றன. இதனால் படிப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதாகத் தோன்றும். "பதில் இல்லை" என்று பெயருடன் காட்டுவதே சரியான முறை; "தடை இல்லை" என்பதும் "பதில் இல்லை" என்பதும் ஒன்றல்ல.

தடைகளைச் சுருக்கத்தின் தலைப்பகுதியில் இடுவது நல்லது. ஒரே தடை தொடர்ந்து வந்தால் "3ஆம் நாள்" என எண்ணிக் காட்டலாம். அதைத் தீர்க்க வேண்டியவருக்கு அறிவிப்பும் செல்ல வேண்டும். ஸ்லாக்கில் தானியங்கி அனுப்பும் செய்தியில் பெயரை வெறும் எழுத்தாக எழுதினால் அறிவிப்புப் போகாது; அவருடைய உறுப்பினர் குறியீட்டை `<@குறியீடு>` என்ற வடிவில் இட வேண்டும்.

வரம்பு

தானியங்கி எழுதியதைத் தொகுக்குமே தவிர, எழுதாததை அறியாது. கூட்டத்தில் ஒருவர் தயங்கிப் பேசுவதைக் கேட்டு, "என்ன சிக்கல்?" என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டுவிடுவார். சுருக்கத்தில் அத்தயக்கம் தெரியாது. மேலும், மேலாளர் இதை வருகைப் பதிவேடுபோல் பார்க்கத் தொடங்கினால், உறுப்பினர்கள் தடைகளை மறைத்து, முடித்த வேலைகளை மட்டுமே நீட்டி எழுதுவர். தடைப் பகுதி வாரக்கணக்கில் வெறுமையாக இருந்தும் வேலைகள் தாமதமானால், சுருக்கம் தன் பயனை இழந்துவிட்டது என்று கொள்ளலாம்.