கடன் நோட்டிலிருந்து இலாபக் கணக்கு வரை

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் ‘முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்’ பாடத்தை நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு கேள்வி வரும். “மிஸ், நிலை அறிக்கையை வைத்தே இலாபத்தைக் கண்டுபிடித்துவிடலாமே, பிறகு எதற்கு இரட்டைப் பதிவு முறைக்கு மாற்றவேண்டும்?” நான் பல ஆண்டுகள் “விவரம் கூடுதலாகக் கிடைக்கும்” என்று மட்டும் சொல்லி வந்தேன். சரியான பதில் கம்பத்தில் ஒரு மளிகைக் கடையிலிருந்து கிடைத்தது.

அந்தக் கடை என் மாணவி ஒருத்தியின் அப்பாவுடையது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் விடியற்காலையில் ஜீப் ஏறிக் கம்பமெட்டு வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். வாரம் முழுவதும் கடனுக்குச் சாமான் வாங்கி, கூலி வந்ததும் கொஞ்சம் கட்டுவார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர், “வருசம் பூரா கடையத் தொறந்துதான் வச்சிருக்கேன் டீச்சர், கல்லாவுல காசு நிக்கமாட்டேங்குது. கடைய மூடிட்டுத் தோட்டத்து வேலைக்கே போயிரலாமான்னு இருக்கு” என்றார். மகளும் அவள் தோழிகள் மூவரும் அவருடைய 2023-24ஆம் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. வகுப்பில் போடுவதற்கு வசதியாக எண்களை முழுமையாக்கித் தருகிறேன்.

கடையில் என்ன ஏடுகள் இருந்தன?

முதலில் கடன் நோட்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம்; சாமான் வாங்கினால் ‘பற்று’, பணம் கட்டினால் ‘வரவு’. மாணவிகள் வியந்துபோனார்கள். கடனாளியின் ஆள்சார் கணக்கில் நாம் சொல்லித்தரும் பற்று, வரவு அப்படியே அந்த நோட்டில் இருந்தது. ஆனால் அரிசி கடனுக்குப் போனபோது குடும்பத்தின் பக்கத்தில் பற்று எழுதியவர், விற்பனைக் கணக்கில் வரவு எழுதவில்லை. அப்படி ஒரு கணக்கே அவரிடம் இல்லை. வீட்டுச் சமையலுக்கு எடுத்த பருப்புக்கு இரண்டு பக்கத்திலும் பதிவு இல்லை. ‘ஒற்றைப் பதிவு’ என்ற பெயர் நடைமுறைக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பதை இங்கேயே காட்டிவிடலாம். சிலவற்றுக்கு ஒரு பதிவு, சிலவற்றுக்குப் பதிவே இல்லை.

இதைத் தவிர மொத்த வியாபாரிகளின் பில்கள், வங்கிப் புத்தகம், வாடகை, மின்கட்டண ரசீதுகள் இருந்தன. அன்றன்றைய ரொக்க விற்பனையை நாட்காட்டித் தாளில் குறித்து, தாள்களைக் கிழித்துக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். எங்கள் கணக்குக்கு அந்தத் தாள்கள் மிகவும் உதவின.

முதல் விடை: 85,000

| | 1.4.2023 (ரூ.) | 31.3.2024 (ரூ.) |
|---|---|---|
| கைரொக்கம், வங்கி இருப்பு | 60,000 | 70,000 |
| சரக்கிருப்பு | 1,60,000 | 1,80,000 |
| கடனாளிகள் | 90,000 | 1,40,000 |
| அறைகலன், குளிர்பதனப் பெட்டி | 50,000 | 45,000 |
| மொத்தச் சொத்துகள் | 3,60,000 | 4,35,000 |
| கழிக்க: கடனீந்தோர் | 1,10,000 | 1,30,000 |
| முதல் | 2,50,000 | 3,05,000 |

முதல் 55,000 கூடியிருக்கிறது. நடுவில் சீட்டு எடுத்த 30,000 ரூபாயைக் கடையில் போட்டிருந்தார். அது கூடுதல் முதல். வீட்டுக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, “மாசம் அஞ்சாயிரம்” என்றார். எனவே எடுப்புகள் 60,000. இறுதி முதலுடன் எடுப்புகளைக் கூட்டி, கூடுதல் முதலையும் தொடக்க முதலையும் கழித்தால் இலாபம் 85,000.

மாதத்துக்கு ஏழாயிரம் சொச்சம். “தோட்டத்துக்குப் போனா இதவிடக் கூட வருமே” என்றார். இந்த விடையோடு நாங்கள் நிறுத்தியிருந்தால் அவர் கடையை மூடியிருக்கவும் கூடும்.

நிலை அறிக்கையில் உள்ள சொத்துகளையும் பொறுப்புகளையும் எண்ணிப் பார்க்கலாம். எடுப்புகளை அப்படி எண்ண முடியாது. அது நினைவிலிருந்து வந்த எண். நினைவு 10,000 ரூபாய் தவறினால் இலாபமும் அதே 10,000 தவறும். பாடநூல் கணக்குகளில் எடுப்புத் தொகை வினாவிலேயே தரப்படுவதால் இந்தப் பலவீனம் மாணவர் கண்ணில் படுவதில்லை.

ஒரு கணக்குக்கு ஒரு விடுபட்ட எண்

இரட்டைப் பதிவுக்கு மாற்றுவது என்றால் ஆண்டு முழுவதற்குமான நடவடிக்கைகளை மீண்டும் குறிப்பேட்டில் எழுதுவது அல்ல. ஒரு கணக்கின் எல்லா எண்களும் தெரிந்து ஒன்று மட்டும் தெரியாவிட்டால், அதுதான் அந்தக் கணக்கைச் சமன்படுத்தும் தொகை. எனவே மாணவர் முதலில் கேட்கவேண்டியது, “இந்தக் கணக்கில் எத்தனை எண்கள் விடுபட்டுள்ளன?” என்பதே. ஒன்று என்றால் போடலாம். இரண்டு என்றால் வேறு கணக்கிலிருந்து ஒன்றைக் கொண்டுவரும்வரை அதைத் தொடக்கூடாது.

மொத்தக் கடனீந்தோர் கணக்கு: பில்களின்படி செலுத்தியது 16,70,000, இறுதி இருப்பு 1,30,000, இவற்றின் கூடுதலிலிருந்து தொடக்க இருப்பு 1,10,000 போக, கொள்முதல் 16,90,000.

மொத்தக் கடனாளிகள் கணக்கு: பெற்றது 5,20,000, ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்தின் வாராக்கடன் 6,000, இறுதி இருப்பு 1,40,000. கூடுதலிலிருந்து தொடக்க இருப்பு 90,000 போக, கடன் விற்பனை 5,76,000.

அடுத்தது ரொக்கக் கணக்கு. கல்லாவையும் வங்கியையும் ஒன்றாகச் சேர்த்தோம். நாட்காட்டித் தாள்களைக் கூட்டியதில் ரொக்க விற்பனை 13,65,000 வந்தது.

| வரவினம் | ரூ. | செலவினம் | ரூ. |
|---|---|---|---|
| தொடக்க இருப்பு | 60,000 | கடனீந்தோருக்கு | 16,70,000 |
| கூடுதல் முதல் | 30,000 | வாடகை, சம்பளம், மின்சாரம் | 1,20,000 |
| கடனாளிகளிடமிருந்து | 5,20,000 | விடுபட்ட எண் | 1,15,000 |
| ரொக்க விற்பனை | 13,65,000 | இறுதி இருப்பு | 70,000 |
| மொத்தம் | 19,75,000 | மொத்தம் | 19,75,000 |

அவர் சொன்ன எடுப்பு 60,000. கணக்கு கேட்பதோ 1,15,000. மீதி 55,000 எங்கே? இதற்கு நேராக ‘எடுப்புகள்’ என்று எழுதத் தொடங்கிய மாணவியை நிறுத்தினேன். சரக்கு ஏற்றி வந்த வண்டி வாடகை இதில் மறைந்திருந்தால் அது செலவு. அந்த அளவுக்கு இலாபம் குறையும். அதனால் அவரையே கேட்டுவரச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது. மூத்த மகனின் கல்லூரிக் கட்டணம் 40,000, வீரபாண்டித் திருவிழாவுக்கு 15,000. இரண்டும் கல்லாவிலிருந்து எடுத்தவை, இரண்டும் எடுப்புகளே. வீட்டுக்கு எடுத்த சாமான்களைப் பற்றி அப்போதுதான் கேட்டோம். கொள்முதல் விலையில் மாதம் 2,000, ஆண்டுக்கு 24,000 என்று குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்கிட்டு வந்தாள் மகள்.

இரண்டாம் விடை: 1,64,000

மொத்த விற்பனை 19,41,000. தொடக்கச் சரக்கு 1,60,000 உடன் கொள்முதல் 16,90,000 ஐக் கூட்டி, வீட்டுக்கு எடுத்த 24,000, இறுதிச் சரக்கு 1,80,000 ஆகியவற்றைக் கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 16,46,000. மொத்த இலாபம் 2,95,000. அதிலிருந்து செலவுகள் 1,20,000, வாராக்கடன் 6,000, தேய்மானம் 5,000 போக நிகர இலாபம் 1,64,000. மாதத்துக்கு 13,600க்கு மேல். முதல் விடையின் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

அப்படியானால் கல்லாவில் ஏன் காசு நிற்கவில்லை? இலாபத்தில் 1,39,000 பணமாகவும் சாமானாகவும் வீட்டுக்குப் போயிருக்கிறது. கடையில் தங்கியது 25,000. சீட்டுப் பணத்தோடு சேர்த்து 55,000. அதே ஆண்டில் கடனாளிகள் 50,000 கூடியிருக்கிறார்கள். தங்கிய பணம் ஏறக்குறைய முழுவதும் கடன் நோட்டுக்குள்தான் இருந்தது. “அப்ப கடை நட்டமில்ல, நோட்டுதான் பெருத்துப்போச்சு” என்றார் அவர். கடையை மூடவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் பக்கத்திலும் மேலே ஒரு கடன் வரம்பை எழுதத் தொடங்கினார்.

இரு விடைகளும் ஒத்தால் போதுமா?

சரிசெய்த எடுப்புகள் 1,39,000 ஐ வைத்து நிலை அறிக்கை முறையில் போட்டாலும் 1,64,000 தான் வரும். மாணவர்கள் இதை நிரூபணமாக எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுச் சாமான் 24,000 ஐ மறந்துவிட்டு இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் 1,40,000 என்று ஒத்துப்போகும், இரண்டும் தவறாக இருக்கும். ஒரே எண் இரண்டு முறைக்கும் பொது என்பதால், ஒத்துப்போவது கூட்டல் கழித்தல் சரி என்பதை மட்டுமே காட்டும்.

மாறாக, வாராக்கடன் 6,000 ஐ மறந்தால் கடன் விற்பனை 5,70,000 ஆகக் குறையும். வாராக்கடன் செலவும் இல்லாமல் போகும். நிகர இலாபம் மாறாது, மொத்த இலாபம் மட்டும் குறையும். விடுபட்ட தகவல் எதுவானாலும் ஏதோ ஒரு சமன்படுத்தும் தொகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அதனால் வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும். கடைக்காரர் தம் அனுபவத்தில் விற்பனையில் நூற்றுக்கு 15 ரூபாய் நிற்கும் என்றார். எங்கள் கணக்கில் 2,95,000 ஐ 19,41,000 ஆல் வகுத்தால் 15.2 சதவீதம். நாட்காட்டித் தாள்கள் இல்லாதிருந்தால் இந்த விகிதமே வழியாகியிருக்கும். ரொக்கக் கணக்கில் ரொக்க விற்பனை, எடுப்புகள் என்று இரண்டு எண்கள் விடுபட்டிருக்கும் அல்லவா? அடக்கம் 16,46,000 ஐ 85 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால் விற்பனை சுமார் 19,36,500. கடன் விற்பனை போக, ரொக்க விற்பனை சுமார் 13,60,500. தாள்கள் சொன்னதிலிருந்து 4,500 தான் வேறுபாடு. இங்கே மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை, அடக்கத்தின்மேல் 15 சதவீதம் கூட்டுவது. அப்படிச் செய்தால் விற்பனை 18,92,900 என்று 43,000க்கு மேல் குறைந்து வரும்.

இப்போது இந்தப் பாடத்தை எடுப்புத் தொகை தராத வினாவோடுதான் தொடங்குகிறேன். நிலை அறிக்கையைப் போட்டு முடித்த மாணவர்கள், “எடுப்புகள் எவ்வளவு மிஸ்?” என்று கேட்பார்கள். “ரொக்கக் கணக்கைக் கேளுங்கள்” என்பேன். எதற்கு மாற்றவேண்டும் என்ற கேள்வி அதன்பின் வருவதில்லை.